ஜவ்வு கிழிந்த தம்பிக்கு

கூடலூரிலிருந்து தேனி வரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தைத் தொடுகிற பிள்ளைகள் இப்போது அதிகம். வாரம் ஆறு நாள் ஏலத்தோட்டம், கடை, ஆபீஸ். ஏழாம் நாள் காலையில் செவன்ஸ். ஆட்டத்தில் முட்டி திருகி, எம்.ஆர்.ஐ. எடுத்து, "ஏ.சி.எல். முழுக் கிழிசல்" என்று எழுதிய காகிதத்தோடு வந்து, "சார், ஆபரேஷன் பண்ணிரலாமா, இல்ல எக்ஸர்சைஸ்லயே சரியாயிருமா?" என்று கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் இல்லை. முடிவை நீயும் எலும்பு மருத்துவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். எதை வைத்து எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. விழுந்த அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மறக்காமல் எழுதி வை. யாரும் இடிக்கவில்லை, நீயாக ஓடி வந்து சட்டென்று திரும்பினாய், முட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம், ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது என்றால் அது பெரும்பாலும் ஏ.சி.எல். அவ்வளவு வேகமாக வருகிற வீக்கம் நீர் இல்லை, ரத்தம். வீக்கம் மறுநாள்தான் மெல்ல வந்தது என்றால் வேறு ஏதாவது அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் ஸ்கேனுக்கு முன்னால் இதைத்தான் கேட்பார். ரத்தம் கோத்திருக்கிற முட்டியில் எண்ணெய் போட்டு உருவி விடச் சொல்லி யாரிடமும் காலை நீட்டாதே. நம் பக்கத்தில் நடக்கிற முதல் தவறு இதுதான்.

2. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். நடப்பாய், பைக் ஓட்டுவாய், மாடிப்படி ஏறுவாய். "நல்லாயிருச்சு சார்" என்பாய். ஏ.சி.எல். என்கிற ஜவ்வின் வேலை, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடிப்பது. நேராக நடக்கும்போது அந்த வேலை அதிகம் தேவைப்படாது. ஊன்றிய காலில் உடம்பைத் திருப்பும்போதுதான் அது இல்லை என்பது தெரியும். நன்றாக நடப்பதை வைத்து ஆட்டத்துக்கு இறங்குகிறவன், அடுத்த திருப்பத்திலேயே மறுபடி விழலாம். அந்த இரண்டாம் விழுகையில், ஜவ்வு கிழிந்தபோது தப்பித்திருந்த மெனிஸ்கஸும் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தையாக இருப்பது) கிழிந்துபோகலாம். ஜவ்வு போனதைவிட மெனிஸ்கஸ் போவது பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்குப் பெரிய காரணம்.

3. ஸ்கேன் காகிதம் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லும். அது இல்லாமல் உன் முட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. ஒரே மாதிரி முழுக் கிழிசல் உள்ள இரண்டு பேரில், ஒருவனுக்குப் படி இறங்கும்போதே முட்டி நழுவும், இன்னொருவனுக்கு ஓடினாலும் நழுவாது. தசை எவ்வளவு வேகமாகவும் சரியான நேரத்திலும் பிடிக்கிறது என்பதில்தான் இந்த வித்தியாசம். அதைப் படத்தில் பார்க்க முடியாது. நல்ல மருத்துவர் முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். லாக்மன் சோதனை என்று அதற்குப் பெயர். நல்ல காலில் இழுப்பு ஓரிடத்தில் "டக்" என்று நிற்கும். ஜவ்வு போன காலில் நிற்காமல் மெத்தென்று வந்துகொண்டே இருக்கும். உன் முட்டியைக் கையால் தொடாமல் படத்தை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கிறவரிடம் அவசரப்படாதே.

4. காத்திருக்கக் கூடாதவர்கள் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டி முழுசாக நீட்ட முடியாமல், ஏதோ உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி பூட்டிக்கொண்டால், கிழிந்த மெனிஸ்கஸ் மடிந்து நடுவில் சிக்கியிருக்கலாம். அதைச் சீக்கிரம் அதன் இடத்தில் வைத்துத் தைத்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு, நாள் போனால் வெட்டி எடுக்க வேண்டி வரலாம். ஏ.சி.எல். மட்டுமில்லாமல் வேறு ஜவ்வுகளும் சேர்ந்து கிழிந்திருந்தாலும், எலும்பு பெயர்ந்திருந்தாலும், பாதம் மரத்துப்போனாலும் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போ. பள்ளிக்கூடம் படிக்கிற, இன்னும் வளர்கிற பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. அவர்களைக் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

5. மற்றவர்களுக்குச் சோதித்துப் பார்த்த விடை ஒன்று இருக்கிறது. சுவீடனில் 18 முதல் 35 வயது வரையிலான, விளையாடிக்கொண்டிருந்த 121 பேரைப் புதிதாக ஏ.சி.எல். கிழிந்த நிலையில் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உடனே அறுவை, பிறகு பயிற்சி. மறு கூட்டத்துக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் அப்புறம் அறுவை. முடிவு 2010-இல் வந்தது. இரண்டு வருடம் கழித்து வலி, நடை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் 59 பேர். அவர்களில் 23 பேர் இரண்டு வருடத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள். ஐந்து வருடத்தில் அது 30 ஆனது. ஏறக்குறைய பாதிப் பேர் ஜவ்வு அறுவை இல்லாமலே தப்பித்தார்கள், மீதிப் பேர் காத்திருந்ததால் மோசமாகிவிடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ ஆபரேஷனே வேண்டாம்" என்று கிளம்பாதே. 2022-இல் பிரிட்டனில் 316 பேரை வைத்து இன்னொரு சோதனை வெளியானது. அவர்கள் நேற்று விழுந்தவர்கள் இல்லை. கிழிந்து நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களில் அறுவைக் கூட்டம்தான் தெளிவாக மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படி. புதிதாகக் கிழிந்தவன் முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம். நாளாகியும் நழுவுகிறவன் இன்னும் பயிற்சி, இன்னும் பயிற்சி என்று இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முடிவு செய்வது கிழிசல் இல்லை, நழுவல்.

6. அந்தப் பயிற்சி என்பது என்ன? "டெய்லி வாக்கிங் போறேன் சார்" என்பது பயிற்சி இல்லை. மூன்று மாதம், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கண் முன்னால், வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கிச் செய்வதுதான் பயிற்சி.

முதல் இரண்டு வாரத்தில் நோக்கம் இரண்டுதான்: வீக்கம் வடிய வேண்டும், முட்டி முழுசாக நீள வேண்டும். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதே. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டி காற்றில் தொங்குகிற மாதிரி விட்டு, முன்தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்து. பத்து எண்ணி விடு. நாளுக்கு நாலைந்து தடவை. காலை நீட்டியபடி தூக்கும்போது முட்டி கொஞ்சமும் மடங்காமல் தூக்க முடிந்தால் முன்தொடை விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை ஊன்றுகோலைத் தூக்கிப் போடாதே.

மூன்றாம் வாரத்திலிருந்து அரைக் குந்தல், படியில் ஏறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், நிற்கிற சைக்கிள். ஆறு வாரத்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். ஒற்றைக் காலில் குந்தல், பின்தொடைக்குத் தனியாக எடை, ஒவ்வொன்றும் எட்டு பத்து முறையாக மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை பல்லைக் கடிக்க வேண்டும். முப்பது முறை சிரித்துக்கொண்டே செய்ய முடிந்தால் எடை போதவில்லை. ஜிம்மில் லெக் பிரஸ் இருக்கிறது, இல்லையென்றால் பையில் மணலைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள். பின்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், ஜவ்வு செய்யாத வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். அதனால் அதை விட்டுவிடாதே.

இதோடு ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழக வேண்டும். முதலில் தரையில், பிறகு ஆடுகிற பலகையில், பிறகு நீ நிற்கும்போது பிசியோ எதிர்பாராத நேரத்தில் தோளைத் தட்டுவார். ஜவ்வு போனால் மூளைக்கு முட்டியிலிருந்து போகிற செய்தியும் குறைகிறது. தசை யோசிக்காமல் பிடிக்கக் கற்றுக்கொள்வது இந்தத் தட்டலில்தான். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பாகமே. மின்சாரச் சிகிச்சை, ஒத்தடம் என்று அரை மணி நேரம் படுக்க வைத்து அனுப்புகிற இடமாக இருந்தால் வேறு இடம் பார்.

பயிற்சி செய்த ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் காலையில் முட்டியைப் பார். உட்பக்கக் குழியில் கையால் கீழிருந்து மேலாகத் தடவி நீரை விலக்கு. பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாகத் தடவு. உட்பக்கக் குழியில் ஒரு சின்ன அலை எழும்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது, நேற்று செய்தது அதிகம். எடையைக் குறை. அலை இல்லையென்றால் அடுத்த படிக்குப் போ.

7. ஒரு நோட்டு போடு. அதில் மூன்று விஷயம் மட்டும் எழுது: நழுவிய தேதியும் அப்போது என்ன செய்தாய் என்பதும், வீக்கம் வந்த நாட்கள், மூன்றாம் மாத முடிவில் தாண்டல் அளவு. வலியை நழுவல் என்று எழுதாதே. முட்டியின் மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, கால் கீழே போவது போல இருந்தால் அதுதான் நழுவல். தாண்டல் என்பது ஒற்றைக் காலில் நின்று, அதே காலில் தாண்டி, அசையாமல் நிற்பது. வீக்கம் இல்லாத முட்டியில், பிசியோ முன்னால் மட்டும் செய்.

இரண்டு பேரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்கு முப்பத்து நாலு வயது, சின்னமனூரில் கடை. தாண்டிய தூரம் நல்ல காலில் 150 செ.மீ., அடிபட்ட காலில் 138 செ.மீ. அதாவது 92 சதவீதம். மூன்று மாதத்தில் ஒரு நழுவலும் இல்லை. இன்னொருவனுக்கு இருபத்தாறு வயது. கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவன். நல்ல கால் 160, அடிபட்ட கால் 112. எழுபது சதவீதம். ஐந்தாம் வாரம் ஜீப்பிலிருந்து குதிக்கும்போது ஒரு முறை நழுவியது. பதினோராம் வாரம் ஈரச் சரிவில் மூட்டையோடு இறங்கும்போது மறுபடி. முதல் நழுவல் தவறி நடந்திருக்கலாம், அதுவும் பயிற்சியின் தொடக்கத்தில். ஆனால் பயிற்சி ஒழுங்காகச் செய்த பிறகும் வருகிற இரண்டாம் நழுவல் விடை. அந்தப் பையன் அறுவைக்குப் போக வேண்டியவன், அவன் பந்தையே மறந்துவிட்டாலும். அவனுடைய வேலையே சரிவில் திரும்புவதுதான், ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைத் தின்னும். ஸ்கேன் காகிதத்தில் இருவருக்கும் ஒரே வரிதான் இருந்திருக்கும்.

தாண்டல் எண்பது சதவீதத்துக்கும் தொண்ணூறுக்கும் நடுவே நின்று நழுவலும் இல்லாதவனுக்கு இன்னும் ஆறு வாரம் கொடுக்கலாம். அவசரம் ஒன்றுமில்லை.

8. நெய்மாரைக் காட்டிப் பேசாதே. 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ஏ.சி.எல்., மெனிஸ்கஸ் இரண்டும் போயின. உடனே அறுவை செய்துகொண்டார், திரும்பக் களத்தில் இறங்க ஒரு வருடம் ஆனது. அவருக்குத் திருப்பமும் வெட்டுமே பிழைப்பு, நாள் முழுக்கக் கூட இருக்க ஆட்களும் உண்டு. நீ உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, செவன்ஸ் இல்லாமல் இருக்க முடியுமா என்பது. சின்ன மைதானம், ஆளுக்கு ஆள் நெருக்கம், நிமிஷத்துக்கு நிமிஷம் திருப்பம் என்பதால் முட்டிக்குச் செவன்ஸ் கடினமான ஆட்டம். சின்னமனூர்க்காரர் ஓட்டம், சைக்கிள், நீச்சல் போதும் என்றால் அறுவை அவருக்குத் தேவையே இல்லை. "இல்லை, நாற்பது வரைக்கும் ஆடணும்" என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். ஜவ்வு இல்லாமலே பெரிய ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் விதிவிலக்கு. அறுவை செய்துகொண்டால் தேய்மானம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த உறுதியை எந்தச் சோதனையும் தரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம். கணக்கு அவர்களுக்கும் இதேதான்.

9. அறுவை என்று முடிவானால் அது என்ன என்று தெரிந்துகொண்டு போ. கிழிந்த ஜவ்வைப் பெரும்பாலும் தைப்பதில்லை. உன் பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நாண் எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அதைப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் உள்ளுக்குள் பழையது அழிந்து புதிதாக வளரும். அந்தக் காலத்தில்தான் அது பலவீனம், அந்தக் காலத்தில்தான் முட்டி நன்றாக இருப்பது போலவும் தோன்றும். மூன்றாம் மாதம் "சும்மா பாஸ் மட்டும் பண்ணிக்கிறேன்" என்று டர்ஃபில் இறங்கினவன் மறுபடி கிழித்துக்கொள்வது இப்படித்தான். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் கிடையாது. அதுவும் தொடை வலிமையும் தாண்டலும் மறுகாலில் தொண்ணூறு சதவீதம் எட்டினால்தான். இருபத்தைந்து வயதுக்குக் கீழே விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த முட்டியோ மறு முட்டியோ மறுபடி கிழிகிறது.

மூன்று மாதப் பயிற்சி வீணாகாது. முழுசாக நீளுகிற, வீக்கமில்லாத, தொடை பலமான முட்டியோடு மேசைக்குப் போகிறவன்தான் நன்றாக எழுந்து வருகிறான். வீங்கி இறுகிய முட்டியில் அவசரமாக அறுவை செய்தால் பிறகு நீட்ட மடக்க முடியாமல் இறுகிப்போகிற ஆபத்து உண்டு. கடைக்காரர் இரண்டு மூன்று வாரத்தில் கல்லாவில் உட்காரலாம். சரிவில் ஏறி இறங்கும் வேலைக்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகும். அந்தச் சம்பளம் இல்லாத மாதங்களை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே தேதி வாங்கு. ஏல அறுவடை முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் தவறில்லை, அதுவரை சரிவு வேலையையும் பந்தையும் தள்ளி வைக்க முடிந்தால்.

10. 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடிய ஒரு கல்லூரி மாணவி இதே ஜவ்வு அறுவைக்குப் பிறகு இறந்துபோனதை நீ மறந்திருக்க மாட்டாய். அறுவைக்குப் பின் போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்து, ரத்த ஓட்டம் நின்று, காலை எடுக்க வேண்டி வந்து, அப்போதும் உயிர் தங்கவில்லை. அதைச் சொல்லி அறுவைக்குப் பயப்படுகிற பெற்றோர் நம் பக்கத்தில் இப்போதும் இருக்கிறார்கள். இது பாதுகாப்பாகத் தினமும் நடக்கிற அறுவைதான். ஆனால் கூட இருக்கிறவர் நாலு அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரல்கள் வெளுத்தோ குளிர்ந்தோ போவது, மரத்துப்போவது, விரலை அசைக்க முடியாதது. இதில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் செவிலியரை எழுப்பிக் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் விடாதே, மருத்துவரைக் கூப்பிடு. வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போ, ரத்தம் உறைந்திருக்கலாம்.

11. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மதுரையோ, எங்கே போனாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை உனக்கு வருமா, நாணைப் பொருத்துகிற திருகுக்கும் பட்டனுக்கும் தனியாகப் பணம் உண்டா என்று காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள். வருடத்துக்கு எத்தனை ஏ.சி.எல். செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை, நல்லவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள். மூன்று மாதம் முடிந்து போகும்போது ஸ்கேன் கவரைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டைக் கொடு.